கடைசி வரி ஏன் மாறுவதில்லை?

வாராவாரம் நாம் கேட்கும் ஒரு நிகழ்ச்சி முடிகிறது. நடத்துபவர் வழக்கமான அந்த ஒரு வரியைச் சொல்லி விடைபெறுகிறார். வரப்போகும் சொற்கள் நமக்கு முன்பே தெரியும், ஆனாலும் காத்திருந்து கேட்கிறோம். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலோர் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, அது யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய பஞ்ச் வசனம். இன்னொன்று, சோப்பு விளம்பரம்போல நம் மனதில் பதிய வேண்டும் என்றுதான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். முதலாவது அநேகமாகத் தவறு. இரண்டாவதில் பாதிதான் உண்மை. டீயை ஊற்றி வைத்துக்கொண்டு, எட்வர்ட் மரோ என்ற அமெரிக்க ஒலிபரப்பாளரின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

மரோ சிபிஎஸ் வானொலிக்காக லண்டனிலிருந்து செய்தி சொன்னவர். 1940 செப்டம்பர் 7 முதல் 57 இரவுகளில் ஏறக்குறைய எல்லா இரவும் ஜெர்மானிய விமானங்கள் அந்த நகரத்தின் மேல் குண்டு போட்டன. இரவில் பிரிகிறவர்கள் மறுநாள் சந்திப்போமா என்பது அவர்களுக்கே தெரியாது. அதனால் ‘குட் நைட், அண்ட் குட் லக்’ என்று சொல்லிப் பிரிந்தார்கள். இரவு வணக்கம், உங்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று அர்த்தம். அந்த ஆண்டு ஒரு ஒலிபரப்பின் முடிவில் மரோவும் அதையே சொன்னார். அவர் எதையும் புதிதாக எழுதவில்லை. தெருவில் காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டார்.

அந்த வரியை நிலைக்கச் செய்தவர் இன்னொருவர். கல்லூரியில் மரோவுக்குப் பேச்சுக்கலை கற்பித்த ஆசிரியை ஐடா லூ ஆண்டர்சன், அமெரிக்காவில் இருந்தபடி தன் மாணவரைக் கேட்டுவந்தார். மரோவின் தொடக்க வரியான ‘திஸ்... இஸ் லண்டன்’ என்பதில் முதல் சொல்லுக்குப் பின் வரும் அந்தச் சின்ன இடைவெளி அவருடைய யோசனைதான். முடிவு வரியையும் கேட்டுவிட்டு, இதை விடாதே, இதையே வைத்துக்கொள் என்று வலியுறுத்தினார். நல்ல முடிவு வரிகள் பலவும் இப்படித்தான் அமைகின்றன. சொல்கிறவர் வாயில் இயல்பாக ஒருமுறை வருகிறது, கேட்கிற காது அதைப் பிடித்து நிறுத்துகிறது.

எல்லா வரியும் இப்படி நிற்காது. ஒரு வரி நிற்குமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அந்த நிகழ்ச்சி சொல்லக்கூடிய மிக மோசமான செய்திக்குப் பிறகு இந்த வரியைச் சொல்ல முடியுமா? மிக லேசான செய்திக்குப் பிறகு? இரண்டு இடத்திலும் உறுத்தாமல் உட்கார்ந்தால் அது வருடக்கணக்கில் தாங்கும். நகைச்சுவையான வரி முதல் துக்கச் செய்தியிலேயே உடைந்துபோகும். கனமான வரி விளையாட்டான வாரத்தில் பொருந்தாமல் நிற்கும். நம் வீட்டில் சொல்கிற ‘போயிட்டு வரேன்’ இந்தச் சோதனையில் தேறிய வாக்கியம். கல்யாண வீட்டுக்குக் கிளம்பினாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும் அதையே சொல்லலாம்.

அடுத்தது அளவு. நேரலையில் முடிகிற நேரத்தை முன்பே நிர்ணயித்துவிடுகிறார்கள், அதனால் கணக்கைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுவார்கள். ரயில் ஆறு மணிக்கு என்றால் வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது என்று நாம் பின்னோக்கி எண்ணுகிறோமே, அதே கணக்கு. முடிவு வரிக்கு மூன்று விநாடி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், மூன்று விநாடி மிச்சம் இருக்கும்போது நடத்துபவர் அதைத் தொடங்கினால் போதும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கும் அந்தச் சொற்கள்தான் சைகை. கடைசிச் சொல் விழுந்ததும் இசையை ஏற்றுவார். இந்தச் சைகையைத் தொழிலில் ‘அவுட் க்யூ’ என்பார்கள். தினம் ஒரு மாதிரி சொன்னால் அவர் கை தயங்கும், இசை பேச்சின் மேல் ஏறிவிடும்.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். திரும்பச் சொன்னால் மனதில் பதியும், அது சரி. ஆனால் பதிந்த பிறகும் ஏன் நிறுத்துவதில்லை? பதிய வைப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் நாலு மாதம் போதுமே. நடப்பது வேறு. பத்து முறை, இருபது முறை கேட்டபின் அந்தச் சொற்களின் அர்த்தத்தை நாம் கவனிப்பதில்லை. அது கதவு சாத்தும் ஓசைபோல ஆகிவிடுகிறது. வரி காலியாகிறது. காலியான பாத்திரத்தில்தான் அந்தந்த வாரத்தை ஊற்ற முடியும்.

மரோ பின்னாளில் தொலைக்காட்சியில் ‘சீ இட் நௌ’ என்ற நிகழ்ச்சியை நடத்தினார். 1951 நவம்பரில் தொடங்கியது. 1954 மார்ச் 9 அன்று, கம்யூனிஸ்டுகளைத் தேடுகிறேன் என்று பலரையும் அச்சுறுத்திவந்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியைப் பற்றிப் பேசினார். பெரும்பாலும் மெக்கார்த்தியின் சொந்தப் பேச்சுப் பதிவுகளையே காட்டினார். பிறகு, நாம் ஒருவருக்கொருவர் பயந்து வாழக் கூடாது என்ற கருத்தில் தன் முடிவுரையைச் சொன்னார். கடைசியில் வழக்கமான அதே வரி. ‘குட் லக்’ என்ற சொல்லை அன்று கேட்டவர்களுக்கு, நமக்கெல்லாம் அது தேவைப்படப் போகிறது என்று தோன்றியிருக்கும். அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அதற்கு முன்னால் சொன்னவைதான் மாறியிருந்தன. அன்றைக்கென்று புதிதாக ஒரு வரி எழுதியிருந்தால் அது முழக்கமாகியிருக்கும்.

மாறாத வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. வால்டர் கிராங்கைட் சிபிஎஸ் மாலைச் செய்தியை ‘அண்ட் தட்ஸ் த வே இட் இஸ்’ என்று முடிப்பார். நிலவரம் இப்படித்தான் இருக்கிறது என்பது அதன் பொருள். கூடவே தேதியையும் சொல்வார். ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளாக இருந்தபோது, அவர்கள் அடைபட்டிருந்த நாட்களின் எண்ணிக்கையை அந்த வரியோடு சேர்த்துச் சொன்னார். 1981 ஜனவரி 20, 444ஆவது நாள் வரை அந்த எண் ஏறியது. வரி அசையாமல் நின்றதால்தான் எண் ஏறுவது காதில் உறைத்தது. சொந்தக் கருத்துச் சொல்லி முடிக்கும் நாட்களில் அவர் அந்த வரியைச் சொன்னதில்லை. கருத்தை நிலவரம் என்று சொல்லக் கூடாது என்பதால், அன்று சொல்லாமல் விடுவதே ஒரு செய்தி.

சறுக்கிய வரியும் ஒன்று உண்டு. கிராங்கைட்டின் இடத்துக்கு வந்த டேன் ராதர், 1986 செப்டம்பரில் ‘கரேஜ்’, அதாவது தைரியம், என்று ஒரே சொல்லில் செய்தியை முடிக்கத் தொடங்கினார். ஒரு வாரம்போலத்தான் ஓடியது. கேலி எழுந்தது, கைவிட்டார். நமது சோதனையில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். எதற்குத் தைரியம் என்ற கேள்வியை அது எழுப்புகிறது, முன்னால் வந்த செய்தி பதில் தருவதில்லை. லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது ‘குட் லக்’ ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வாரம் ஒருமுறை வரும் நிகழ்ச்சிக்கு இது இன்னும் அவசியம். நடுவில் ஆறு நாள் போய்விடுகிறது, வேறு நூறு குரல்களைக் கேட்டுவிடுகிறோம். போன வாரம் சாத்திய அதே கதவு இந்த வாரமும் அதே ஓசையோடு சாத்திக்கொண்டால், அதே வீட்டுக்குத்தான் வந்துபோகிறோம் என்று காது நம்புகிறது. அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சி முடியும்போது, வரியை விட்டுவிட்டு அதற்கு முந்தைய வாக்கியத்தைக் கவனியுங்கள். அந்த வாரம் கடைசி வரிக்கு என்ன அர்த்தம் என்பது அங்கேதான் இருக்கும்.