ஒரே 65, இரண்டு பிள்ளைகள்

பருவத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு வீட்டுக்குப் போகும்போது, நடுநிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியை ஒருவர் அதனுடன் ஒரு பக்கக் கடிதத்தையும் இணைத்து அனுப்பினார். "மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், அதற்கு மேலே இருக்கும் இரண்டு எண்களையும் தயவுசெய்து பாருங்கள்" என்று அந்தக் கடிதம் தொடங்கியது.

அந்த இரண்டு எண்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது 2012-13 கல்வியாண்டில். முப்பருவ முறையோடு சேர்ந்து, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு அப்போது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. தொகுத்தறி என்பது பருவக் கடைசியில் நடக்கும் எழுத்துத் தேர்வு. பெற்றோர் இன்னமும் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று சொல்வது இதைத்தான். வளரறி என்பது பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு எது பிடிபட்டது, எது பிடிபடவில்லை என்று பார்ப்பது. அதில் பாதி, அதாவது 20 மதிப்பெண், வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கு. மீதி 20 சின்னச் சின்ன எழுத்துத் தேர்வுகளுக்கு.

கடிதத்தில் ஆசிரியை ஒரு கணக்கையே எடுத்துக்காட்டாகத் தந்திருந்தார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், பல பிள்ளைகள் மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதை கீழோடும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். இது கவனக்குறைவு அல்ல. பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல், கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும் தனித்தனி எண்களாகப் பார்ப்பதால் வருவது. பருவத் தேர்வில் இந்த விடைக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி கிடைக்கும், அத்தோடு பாடமும் முடிந்துவிடும். வாரத் தேர்விலேயே தெரியவந்தால், மறுநாள் காகிதப் பட்டையை மடித்துக் காட்டலாம். ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது. அரையோடு எதையோ கூட்டிய பிறகு அரையைவிடக் குறைந்தது எப்படி என்று பிள்ளையே கேட்கும். பிறகு ஆறில் மூன்று, ஆறில் இரண்டு, கூட்டினால் ஆறில் ஐந்து என்று வந்து சேரும்.

அடுத்து இரண்டு ரேங்க் கார்டுகள், பெயர் இல்லாமல். இரண்டிலும் கணக்கில் மொத்தம் 65, இரண்டுக்கும் பி2 கிரேடு. முதல் பிள்ளைக்கு வளரறியில் 34, பருவத் தேர்வில் 31. இரண்டாவது பிள்ளைக்கு 22, 43. முதல் பிள்ளை வகுப்பில் வாயால் சரியாகச் சொல்கிறது, செய்தும் காட்டுகிறது. நீண்ட நேரம் உட்கார்ந்து படிப்படியாக எழுதும்போது தடுமாறுகிறது. இதற்குத் தேவை எழுதும் பழக்கம். இரண்டாவது பிள்ளையின் 22-ஐப் பிரித்தால் செயல்பாட்டில் 8, சிறு தேர்வுகளில் 14. செயல்பாடு நடந்த நாட்களில் அது பள்ளிக்கே வரவில்லை. தேர்வு நேரத்தில் கற்றுக்கொண்டு எழுதிவிட்டது. இரண்டு பேரையும் ஒரே டியூஷனில் சேர்ப்பதால் பயன் இல்லை.

ஆனால் 40-க்கு 38 என்று இருந்துவிட்டால் நிம்மதியா? அதையும் கடிதம் மறைக்கவில்லை. சார்ட்டைக் கடையில் வாங்கி ஒட்டினாலும், செயல்திட்டத்தை அப்பா இரவு உட்கார்ந்து செய்து கொடுத்தாலும் மதிப்பெண் ஏறிவிடும். பதிவேட்டை நிரப்பும் அவசரத்தில் வகுப்பு முழுவதற்கும் ஒரே மாதிரி போட்டுவிடுவதும் உண்டு. வளரறியில் 38, பருவத் தேர்வில் 20 என்று பெரிய இடைவெளி இருந்தால், அந்த 38 எப்படி வந்தது என்று பள்ளியில் கேட்க வேண்டும்.

மதிப்பெண்ணாகக் கொடுப்பதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. 1988-இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார். ஒரு பிரிவுக்கு விடைத்தாளில் மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை நன்றாகச் செய்தார்கள். இரண்டையும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. பக்கத்தில் மதிப்பெண் இருந்ததும் குறிப்பு பலனளிக்கவில்லை.

அதனால்தான் ஆசிரியை பெற்றோரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அடுத்த பருவத்தில் சிறு தேர்வுத் தாள் வீட்டுக்கு வரும்போது, "எத்தனை மார்க்?" என்று கேட்காமல், தவறாகப் போன ஒரு கணக்கைக் காட்டி "இதை ஏன் இப்படிப் போட்டாய்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் காரணத்தை அதே தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி அனுப்பினால், மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்று தனக்குத் தெரியும் என எழுதியிருந்தார்.