'க' என்ற சொல்லுக்கு இடப்பக்கம் பாருங்கள்

பிரெஞ்சு பாடப்புத்தகத்தில் பி1 நிலைக்கு வந்ததும் சப்ஜங்க்டிவ் என்ற வினைவடிவம் தலைகாட்டும். 'சந்தேகம் என்றால் சப்ஜங்க்டிவ், உறுதி என்றால் சாதாரண வடிவம்' என்றுதான் பலரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் இந்தச் சூத்திரம் பாதி வழியிலேயே கைவிட்டுவிடும்.

'நீ வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்' என்பதற்கு, 'ழெ சுய் கோன்தான் க து சுவா லா' என்பார்கள். ஆள் எதிரிலேயே நிற்கிறார், சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் 'சுவா' என்று சப்ஜங்க்டிவ்தான். 'நாளைக்கு வருவாய் என்று நம்புகிறேன்' என்பதோ 'ழெஸ்பேர் க து வியாந்த்ரா தெமான்'. வருவாரா மாட்டாரா, யாருக்குத் தெரியும்? அங்கே வெறும் எதிர்காலம்தான்.

ஆகவே கோடிட்ட இடத்தை விட்டுவிட்டு, 'க' என்ற இணைப்புச் சொல்லைத் தேடி, அதற்கு இடப்பக்கம் இருப்பதைப் படிக்க வேண்டும். அங்கே கட்டாயமோ ('இல் ஃபோ'), விருப்பமோ ('ழெ வெ'), மகிழ்ச்சி, பயம் போன்ற உணர்ச்சியோ இருந்தால் சப்ஜங்க்டிவ். தெரியும், பார்க்கிறேன், சொல்கிறேன் என்றால் சாதாரண வடிவம். 'நம்புகிறேன்' என்பதும் இந்தப் பட்டியலில்தான் சேரும்; பிரெஞ்சுக்காரர்களுக்கு அது எதிர்பார்ப்பு, விருப்பமல்ல. 'இல் ஏ ப்ரொபாப்ல் க', அதாவது 'அநேகமாக' என்பதும் இந்தப் பக்கம். 'இல் ஏ பொசீப்ல் க', 'இருக்கலாம்' என்றால் அந்தப் பக்கம். இந்த இரண்டையும் ஒரே பயிற்சியில் வைப்பது புத்தகக்காரர்களுக்குப் பிடித்த கண்ணி.

அடுத்து எதிர்மறை. 'ழெ பான்ஸ் கில் ஆ ரேசோன்': அவர் சொல்வது சரி என்று நினைக்கிறேன். இதில் 'ந', 'பா' இரண்டும் நுழைந்தால் 'ழெ ந பான்ஸ் பா கில் ஏ ரேசோன்' ஆகிவிடும். 'ஆ' போய் 'ஏ' வந்துவிட்டது. அவசரத்தில் 'பான்ஸ்' மட்டும் கண்ணில் பட்டு, 'பா' தப்பிவிடும். பென்சிலால் முதலில் அதை வட்டமிட்டுக்கொள்வது நல்லது.

இடப்பக்கம் வினைக்குப் பதில் 'அவான் க' (முன்பு), 'பூர் க' (அதற்காக), 'பியான் க' (என்றாலும்) இருந்தாலும் சப்ஜங்க்டிவ்தான். 'அப்ரே க' (பிறகு) மட்டும் விலக்கு. நடந்து முடிந்ததைச் சொல்வதால் அதற்குச் சாதாரண வடிவம். பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே பலர் இங்கே சப்ஜங்க்டிவ் போடுகிறார்கள். தேர்வுத்தாளில் அது செல்லாது.

இரு வாக்கியங்களை இணைக்கச் சொன்னால் எழுவாயையும் பாருங்கள். எனக்குச் சந்தோஷம், இங்கே இருப்பதும் நானே என்றால் 'க' வராது. 'ழெ சுய் கோன்தான் தேத்ர் இசி' என்று முழுவினை போதும்.

அடைப்புக்குறிக்குள் தரும் வினையும் ஒரு துப்பு. 'பார்லே' (பேசு) போன்ற வழக்கமான வினைகளில் 'நான்', 'நீ', 'அவர்', 'அவர்கள்' என்பவற்றுக்கு நிகழ்கால வடிவமும் சப்ஜங்க்டிவும் ஒன்றேதான். 'நாங்கள்', 'நீங்கள்' மட்டுமே மாறும். வேறுபாடு தெரியாத வினையை வைத்து என்ன சோதிப்பது? அதனால் 'ஏத்ர்', 'அவுவார்', 'ஃபேர்', 'அலே' என்றே திரும்பத் திரும்ப வரும். ஆனால் 'நம்புகிறேன்' கண்ணியிலும் இதே வினைகளைத்தான் வைப்பார்கள்.