அசெம்பிளியில் ஒன்றரை நிமிடம்

'தேர்வில் நேர்மை' என்ற தலைப்பில் காலை அசெம்பிளியில் பேச ஓர் உரை எழுதச் சொல்லி மொழித்தாளில் கேட்பார்கள். மதிப்பெண் ஆசை, பிட் அடித்தல், விளைவு என்று சில குறிப்புகளும் தருவார்கள். சி.பி.எஸ்.இ. 11-ஆம் வகுப்பு ஆங்கிலத் தாளில் இத்தகைய உரைக்கு 120 முதல் 150 சொற்கள்தான் இடம். நிதானமாகப் பேசினாலும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

பலரும் அந்தக் குறிப்புகளையே நீட்டி, வரிக்கு ஒரு வாக்கியமாக எழுதி வைக்கிறார்கள். அது கட்டுரையாகிறதே தவிர உரையாவதில்லை. வெயிலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் காது கொடுக்க ஒரு சம்பவம் வேண்டும். வணக்கத்தை ஒரே வரியில் முடித்துவிட்டு நேராக அதற்குப் போய்விடலாம்.

காந்தியின் சுயசரிதையில் வரும் 'கெட்டில்' சம்பவம் இதற்கென்றே அமைந்தது போன்றது. ஆனால் மாணவர்கள் அதைச் சொல்லும்போது, ஆசிரியர் காப்பியடிக்கச் சொன்னார், காந்தி துணிந்து மறுத்தார் என்று வீரக்கதையாக்கிவிடுகிறார்கள். காந்தி எழுதியது அப்படியல்ல. நடந்ததை நடந்தபடி சொன்னால் இப்படி வரும்:

"ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ராஜ்கோட்டில் ஒரு வகுப்பு. கைல்ஸ் என்ற கல்வி அதிகாரி ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொல்கிறார். ஒரு பையன் 'கெட்டில்' என்ற சொல்லைத் தப்பாக எழுதுகிறான். ஆசிரியர் பூட்ஸ் முனையால் அவனைத் தட்டுகிறார். பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார் என்று அர்த்தம். அவனுக்கு அது விளங்கவேயில்லை. காப்பியடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே ஆசிரியர் நிற்கிறார் என்று நினைத்திருந்தான். அவனைத் தவிர எல்லாரும் ஐந்தையும் சரியாக எழுதியிருந்தார்கள். அந்தப் பையன்தான் காந்தி. நண்பர்களே, அடுத்த வாரம் தேர்வு. 'ஒரு மார்க் கேள்வி மட்டும் காட்டுடா' என்று யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள்?"

அந்தப் பையனுக்குக் காப்பியடிக்கலாம் என்று தோன்றவே இல்லை என்பதில்தான் கதையின் சுவை இருக்கிறது. மறுத்தான் என்று மாற்றிச் சொன்னால் அவன் நம்மிலிருந்து விலகிச் சிலையாகிவிடுகிறான். உரை கேள்வியில் நிற்பதும் வேண்டுமென்றே செய்ததுதான். இடம் மிச்சமிருந்தால், பதிலாக ஒரு செயலைச் சொல்லலாம்: 'தேர்வு முடிந்ததும் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்டா.' மாற்று வழி என்ற குறிப்புக்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தப் பார்ப்பவர்களும் உண்டு. பொதுத் தேர்வு முறைகேடுகளைத் தடுக்க 2024-இல் வந்த மத்தியச் சட்டத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டுவரை சிறை என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது யு.பி.எஸ்.சி., நீட் போன்ற தேர்வுகளில் வினாத்தாளைக் கசியவிடும் கும்பல்களுக்கானது. பள்ளிப் பரீட்சையில் பிட் வைத்திருக்கும் மாணவனை அது தொடாது. நேர்மையைப் பற்றிய உரையில் அந்தத் தவறான தகவல் வேண்டாம்.