88 சதவீத பேட்டரி சொல்வது என்ன?

ஐபோன் 15-இன் Battery Health பக்கத்தில் Maximum Capacity 88% என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வாங்கியபோது கொண்ட சார்ஜில் 88 பங்குதான் இப்போது கொள்ளும். இது போன் போடும் கணிப்பு. ஒரு புள்ளி குறைந்ததற்கெல்லாம் பதற வேண்டாம். கூடவே Cycle Count-ஐப் பாருங்கள். இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. 1,000 சுற்று வரை 80% தாங்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. 300 சுற்றிலேயே 88 என்றால் என் முதல் சந்தேகம் சூட்டின் மீதுதான்.

இரவெல்லாம் செருகியிருந்தாலும் நிரம்பியதும் போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். கெடுப்பது, 100-லேயே மணிக்கணக்கில், அதுவும் தலையணைக்கடியில் சூடாகிக் கிடப்பது. 80% வரம்பு வைத்துவிடுங்கள். வேக சார்ஜர் போடலாம். 80-ஐ நெருங்கும்போது வேகம் தானே குறையும். தொட்டால் சுட்டது என்றால் மட்டும் உறையைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.