வெறும் லிங்க் மட்டும் வந்தால் என்ன பதில் சொல்வது?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்து விழுகிறது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தைகூட இல்லை. அனுப்பியவர் பெரியப்பாவாக இருக்கலாம், ஓய்வுபெற்ற மாமாவாக இருக்கலாம். குழுவில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இப்படி வரும் லிங்க்குகளில் பலவும் உண்மையில் கேள்விகள். "எனக்கு இது வந்திருக்கு. நிஜமா? அமுக்கலாமா?" என்று கேட்க நினைக்கிறார்கள். போனில் தமிழில் தட்டச்சு செய்வது சிரமம், இதுகூடத் தெரியவில்லையா என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் வேறு. அதனால் லிங்க்கை மட்டும் தள்ளிவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லாவிட்டால், "தப்பாக இருந்தால் சொல்லியிருப்பார்களே" என்று அவர்களே முடிவு செய்து அமுக்கிவிடுகிறார்கள். அந்த மௌனம்தான் ஆபத்து. பெரும்பாலான லிங்க்குகளுக்கு, அதைத் தொடாமலேயே அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியும். பதில் அந்த முகவரியிலேயே இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். போக்குவரத்து அபராதம் பாக்கி இருப்பதாகச் சொல்லி வரும் லிங்க்குகள் நாடு முழுவதும் சுற்றுகின்றன. அவை ஏறக்குறைய இந்த வடிவில் இருக்கும்:

```
https://echallan.parivahan.gov.in.fine-pay.example/tn/?id=88213
```

இது விளக்கத்துக்காக அமைத்த முகவரி. `.example` என்ற முடிவை யாராலும் விலைக்கு வாங்க முடியாது. இப்படி எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நிஜ மோசடியில் அந்த இடத்தில் `.com`, `.top`, `.xyz` போல ஏதாவது இருக்கும்.

படிப்பவரின் கண் இடமிருந்து ஓடுகிறது. echallan தெரிகிறது, parivahan தெரிகிறது, gov.in தெரிகிறது. அரசாங்கம்தான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. மீதியை யாரும் படிப்பதில்லை. ஏமாற்றுகிறவர் நம்பியிருப்பது அந்த இடத்தைத்தான். ஆனால் இணைய முகவரியின் சொந்தக்காரர் யார் என்பதை வலமிருந்து இடமாகத்தான் படிக்க வேண்டும். தபால் உறையில் ஊரும் மாவட்டமும் கடைசி வரிகளில் இருப்பதுபோல, இங்கேயும் பெரிய அடையாளம் கடைசியில் இருக்கிறது.

படிக்கும் முறை இதுதான். `https://` என்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோடு வரை உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் அது `echallan.parivahan.gov.in.fine-pay.example`. அதன் வலது கோடியில் `.example` இருக்கிறது, அதற்கு முந்தைய துண்டு `fine-pay`. ஆக, இந்தப் பக்கம் fine-pay.example என்ற பெயரைப் பதிவு செய்தவருடையது. அவர் தன் பெயருக்கு இடப்பக்கத்தில் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். echallan என்றோ gov.in என்றோ சேர்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. முதல் சாய்கோட்டுக்குப் பிறகு வருபவையும் அப்படித்தான். அங்கே `/tn.gov.in/` என்று இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

உண்மையான முகவரி `echallan.parivahan.gov.in`. இதில் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பது `gov.in`. அந்த முடிவை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறார்கள், தனியார் வாங்க முடியாது. இரண்டு முகவரிகளிலும் அதே சொற்கள்தான் இருக்கின்றன. `gov.in` கடைசியில் நிற்கிறதா, நடுவில் நிற்கிறதா என்பதில்தான் முழு வித்தியாசமும்.

இன்னொரு வேடமும் உண்டு. `parivahan-gov-in` என்று புள்ளிக்குப் பதிலாகச் சிறு கோடு போட்டிருப்பார்கள். முகவரியைப் பிரிப்பது புள்ளி மட்டுமே. கோடு போட்டு எழுதினால் அது முழுவதும் ஒரே பெயர், யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளக்கூடிய பெயர். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் `@` குறி தென்பட்டால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் குறிக்கு இடப்பக்கம் உள்ளதை பிரவுசர் முகவரியாகவே எடுத்துக்கொள்ளாது, வலப்பக்கம் உள்ள இடத்துக்குத்தான் போகும்.

வங்கிகளின் பெயரில் வரும் லிங்க்குகளுக்கும் இப்போது ஒரு பிடி கிடைத்திருக்கிறது. இந்திய வங்கிகள் எல்லாம் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் அந்த முடிவு கிடைக்காது. எனவே உங்கள் வங்கியின் பெயரைச் சொல்லி வரும் லிங்க் வேறு எதிலாவது முடிந்தால், அதைத் தொடாமல் பாஸ்புக்கில் உள்ள எண்ணில் கிளையையே கேட்டுவிடுவது நல்லது.

இனி, பலரும் ஆதாரமாக நம்பும் இரண்டு விஷயங்கள். ஒன்று, பூட்டுக் குறியும் `https` என்ற எழுத்துகளும். "பூட்டு இருக்கே, பாதுகாப்பானதுதானே?" என்று கேட்கிறார்கள். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்வதில்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே, சில நிமிடங்களில் கிடைக்கிறது, மோசடிக்காரருக்கும் சேர்த்து. மக்கள் பூட்டைப் பார்த்துத் தவறாக நம்புகிறார்கள் என்பதாலேயே 2023-இல் குரோம் பிரவுசர் முகவரிப் பட்டையிலிருந்து அந்தக் குறியை எடுத்துவிட்டது.

இன்னொன்று, லிங்க்கோடு சேர்ந்து வாட்ஸ்அப்பில் தெரியும் சின்னப் படமும் தலைப்பும். அரசு முத்திரையோடு "நிலுவை அபராதம்" என்று பளிச்சென்று இருக்கும். இதை வாட்ஸ்அப் சரிபார்த்துக் காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பக்கத்தை உருவாக்கியவர், "என் லிங்க்கைப் பகிர்ந்தால் இந்தத் தலைப்பையும் இந்தப் படத்தையும் காட்டு" என்று பக்கத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார். லிங்க்கை ஒட்டும்போது, அனுப்புகிறவரின் போனே அங்கே போய் அதை எடுத்து வருகிறது. அதாவது, ஏமாற்றுகிறவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட அறிமுகம்தான் நமக்குத் தெரிகிறது. ஆகவே படத்தை விட்டுவிட்டு, கீழே உள்ள முகவரி எழுத்துகளை மட்டும் பாருங்கள்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு, அதையும் அனுப்பியவரிடம் சொல்லிவிட வேண்டும். `docs.google.com/forms` என்று தொடங்கும் லிங்க்கை வலமிருந்து படித்தால் google.com என்று வரும். இடம் கூகுளுடையதுதான், ஆனால் அந்தப் படிவத்தை எழுதியவர் யாராகவும் இருக்கலாம். ஓர் உதவித்தொகைக்கோ வேலைக்கோ ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கேட்கும் படிவம் அங்கே இருந்தால், கூகுளின் பெயர் அதற்கு உத்தரவாதம் ஆகாது. `blogspot.com`, `github.io` போல, யாரும் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ளக்கூடிய இடங்களுக்கும் இதுவே பொருந்தும். `bit.ly` போன்ற சுருக்க லிங்க்குகளோ போகும் இடத்தையே மறைத்துவிடுகின்றன. அரசு அலுவலகமோ வங்கியோ பணம் கட்டச் சொல்வதாக வந்த செய்தியில் சுருக்க லிங்க் இருந்தால், அதை அவிழ்த்துப் பார்க்கவே மெனக்கெட வேண்டாம், விட்டுவிடலாம்.

முகவரியைப் படித்து முடிவுக்கு வர முடியாதபோது செய்யக்கூடியது மிக எளிது. லிங்க்கை ஓரமாக வைத்துவிட்டு, அது எதைப் பற்றிப் பேசுகிறதோ அந்த விஷயத்தை நேர்வழியில் போய்ப் பாருங்கள். அபராதம் என்றால் பிரவுசரில் உண்மையான முகவரியை நாமே தட்டச்சு செய்து, வாகன எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். கூடவே சேஸிஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி இலக்கங்களைக் கேட்கும், அவை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். அபராதம் நிஜமாகவே இருந்தால் அங்கே தெரியும். இல்லையென்றால் வந்தது பொய்.

பெரியப்பாவுக்கு எழுத வேண்டிய பதில் இவ்வளவுதான்: "பெரியப்பா, இது அரசாங்க சைட் இல்ல. அமுக்காதீங்க. வண்டி நம்பரையும் ஆர்.சி. போட்டோவையும் எனக்கு மட்டும் அனுப்புங்க, ஒரிஜினல் சைட்ல பார்த்துச் சொல்றேன். உங்களுக்கு இதை யார் அனுப்பினாங்க? ஏற்கெனவே திறந்து பார்த்துட்டீங்களா?" முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிட வேண்டும், விளக்கம் அப்புறம் வரலாம். பதிலைக் குழுவிலேயே போட்டால், கேட்கத் தயங்கிய மற்றவர்களுக்கும் உதவும். கேலி மட்டும் வேண்டாம். ஒருமுறை சிரித்துவிட்டால் அடுத்த லிங்க்கை அவர் குழுவுக்கு அனுப்பமாட்டார், தனியாக அமுக்கிப் பார்ப்பார்.

கடைசிக் கேள்விக்கு "ஆமாம், திறந்துட்டேன்" என்று பதில் வந்தால் பதற வேண்டாம். பக்கத்தைத் திறந்து பார்த்ததோடு நின்றிருந்தால், பெரும்பாலும் எதுவும் ஆகியிருக்காது. அதற்கு அடுத்து என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். கார்டு எண், ஓ.டி.பி., யு.பி.ஐ. பின் ஆகியவற்றில் ஏதாவது கொடுத்தாரா? ஏதாவது செயலியை இறக்கி நிறுவினாரா? லிங்க்கோ இறங்கிய கோப்போ `.apk` என்று முடிந்திருந்தால் அது பிளே ஸ்டோரைத் தாண்டி வரும் ஆண்ட்ராய்டு செயலி. நிறுவித் திறந்ததும் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யை அதுவே படித்து வெளியே அனுப்பும், போன் நம் கையில் இருந்தும் பயனில்லை.

அப்படி நிறுவியிருந்தால், முதலில் அந்தப் போனில் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிட்டு ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து, கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் தரலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே போகும் என்பதால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதை வழியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு கூடும். பயத்திலோ கூச்சத்திலோ அந்த லிங்க் வந்த செய்தியை அழித்துவிடச் சொல்லாதீர்கள். அனுப்பிய எண், வந்த நேரம், முகவரியின் ஒவ்வோர் எழுத்து ஆகிய மூன்றையும் புகாரில் கேட்பார்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.