‘கழுத்தை வெட்டாதே’ என்று சொல்வதற்கு முன்

ஆறு வயதில் அவன் கண்ணை ஓயாமல் சிமிட்டினான். கண் டாக்டரிடம் காட்டினார்கள். பார்வையில் குறையில்லை, சொட்டு மருந்து மட்டும் கொடுத்தார். சில மாதத்தில் சிமிட்டல் நின்றது. அடுத்த வருடம் தொண்டையைச் செருமத் தொடங்கினான். இருமல் மருந்து இரண்டு பாட்டில் தீர்ந்தும் செருமல் தீரவில்லை, பிறகு தானாகவே போனது. இப்போது பத்து வயது. தலையை வலப்பக்கம் ‘வெடுக்’கென்று வெட்டி இழுக்கிறான். “என்னடா இது கோணங்கித்தனம்?” என்கிறார் பாட்டி. பெயர் கதிர் என்று வைத்துக்கொள்வோம். இதே வரிசையில் வந்த பல பிள்ளைகளைச் சேர்த்து நான் வரைந்த பையன் அவன்.

மூன்றும் தனித்தனிக் கோளாறுகள் அல்ல, ஒரே கதையின் மூன்று அத்தியாயங்கள். இதற்கு ‘டிக்’ என்று பெயர்.

கெட்ட பழக்கமா, சேட்டையா?

இரண்டும் இல்லை. டிக் என்பது திடீரென்று, வேகமாக, திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி. பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் தலைகாட்டும். முகத்தில், குறிப்பாகக் கண்ணில், தொடங்குவது வழக்கம். வரும், போகும், உருமாறும். பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயதில் பலருக்கும் தணிந்துவிடும். ஆண் பிள்ளைகளிடம் அதிகம்.

தொடங்கி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் அது தற்காலிக டிக். பல அசைவுகளும் குறைந்தது ஒரு ஒலியும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் டூரெட் நோய்க்குறி என்பார்கள். அசைவும் ஒலியும் ஒரே நேரத்தில் வரவேண்டும் என்பதில்லை. 1885இல் ஒன்பது நோயாளிகளை விவரித்து எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ழில் த லா டூரெட்டின் பெயரால் வந்தது இது. டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை கத்துவார்கள் என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. அது சிறுபான்மையினருக்கு மட்டும் வருவது.

வீட்டில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கதிர் வகுப்பில் கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்கிறான், வீட்டுக்கு வந்ததும் வெட்டித் தள்ளுகிறான். “அங்கே முடியுதுல்ல, இங்கே ஏன் முடியலை?” என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கண்ணை எவ்வளவு நேரம் சிமிட்டாமல் வைத்திருக்க முடியும் என்று நீங்களே பாருங்கள். அரை நிமிடத்தில் கண் கரித்து, சிமிட்டினால் போதும் என்று ஆகிவிடும். டிக்குக்கு முன்னால் வரும் உந்துதலும் ஏறக்குறைய அப்படித்தான். அரிப்பு போலவோ, இறுக்கம் போலவோ அது ஏறிக்கொண்டே போகும். டிக்கைச் செய்தால் சட்டென்று இறங்கும். அந்த நிம்மதிதான் அடுத்த டிக்குக்கு வழி விடுகிறது. எட்டு, பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த உந்துதலைப் பெரும்பாலும் சொல்லத் தெரியாது.

அடக்குவது வேறு, மாற்றுவது வேறு

1973இல் நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ‘பழக்க மாற்றுப் பயிற்சி’யை வெளியிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கும் வித்தை இதில் இல்லை. உந்துதல் வரும்போது டிக்கைச் செய்யவே முடியாதபடி வேறொரு சிறு செயலைச் செய்து, உந்துதல் தானாக வடியும் வரை அதில் நிற்பதுதான் பயிற்சி. டிக் இல்லாமலும் உந்துதல் இறங்கும் என்பதை உடம்பு அனுபவித்துக் கற்கிறது.

கதிருக்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். முதலில் அவனுக்கு இருக்கும் டிக்குகளை எழுதி, எது எவ்வளவு தொல்லை என்று அவனையே பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். கழுத்து வலிப்பதால் வெட்டலுக்கு எட்டு போட்டான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு டிக் என்பது விதி, அதையே எடுத்தார்கள்.

அடுத்தது கவனிக்கப் பழகுவது. பயிற்சியில் அதிக நேரம் எடுப்பது இதுதான், அவசரப்படுபவர்கள் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். தன் டிக்கை மெதுவாக, சினிமாவில் வரும் ஸ்லோமோஷன் போல நடித்துக் காட்டினான். வலது தோள் லேசாக ஏறுகிறது, மோவாய் தூக்குகிறது, பிறகுதான் தலை வெட்டுகிறது. அதற்கும் முன்னால் வலது காதுக்குக் கீழே கயிறு கட்டி இழுப்பது போல ஓர் இறுக்கம். நான்கு வருடமாக டிக்கோடு வாழ்ந்தவன், அந்த இறுக்கத்தை அன்றைக்குத்தான் பெயர் சொல்லி அழைத்தான். பிறகு பயிற்சியாளர் பேச்சுக்கு நடுவே அந்த டிக்கை நடிக்க, கதிர் பார்த்ததும் விரலைத் தூக்கினான். அதன்பின் தன்னுடையதற்கே தூக்கினான். ஐந்தில் நான்கையாவது பிடிக்கும் வரை அடுத்த படிக்குப் போகவில்லை.

மூன்றாவது, எதிர்ச்செயல். டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாததாக, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாததாக, புத்தகமோ பையோ கையில் இருந்தாலும் செய்யக்கூடியதாக அது இருக்கவேண்டும். கதிருக்கு: தலையை நேராக வைத்து, மோவாயைச் சற்றே உள்ளே இழுத்து, கழுத்துத் தசைகளை மென்மையாக இறுக்கிக்கொள்வது. மூச்சைப் பிடிக்கக்கூடாது. ஒரு நிமிடம் அல்லது உந்துதல் வடியும் வரை, எது அதிகமோ அதுவரை. தொண்டைச் செருமல் என்றால் மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் விடும் மூச்சு. கண் சிமிட்டல் என்றால் சில விநாடிக்கு ஒரு தரம் நிதானமாக, வேண்டுமென்றே இமைப்பது.

முதல் வாரம் சொதப்பியது. கழுத்தை அவ்வளவு வேகமாக இறுக்கினான், அதுவே புது வெட்டல் போலத் தெரிந்தது. மெதுவாக்கியதும் சரியானது. வெட்டிய பிறகுதான் ஞாபகம் வருகிறது என்றான். அப்போதும் ஒரு நிமிடம் எதிர்ச்செயலில் நிற்கச் சொன்னார்கள். பிந்திச் செய்தாலும் கணக்கில் சேரும்.

அம்மாவின் வேலை, பாட்டியின் வேலை

வீட்டில் வாரம் மூன்று நான்கு நாள், அரை மணி நேரம் பயிற்சி. எதிர்ச்செயலைச் செய்யும்போது “நல்லா பண்றடா” என்பதும், மறந்தால் மெல்ல “பயிற்சி ஞாபகம் இருக்கா?” என்பதும்தான் அம்மாவின் வேலை. மீதி நேரத்தில் டிக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. பேசினாலே டிக் கூடும். பாட்டிக்குத் தந்த வேலை இன்னும் கடினம்: பார்த்தும் பாராதது போல இருப்பது.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். வீட்டுப்பாட நேரத்தில் வெட்டல் கூடியது; அம்மா இரக்கப்பட்டு “சரி, போதும், எழுந்திரு” என்பார். அவன் நடிக்கவில்லை. ஆனாலும் டிக் வந்தால் கணக்கு நோட்டை மூடலாம் என்பதை மூளை குறித்துக்கொள்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, டிக் வந்தாலும் வராவிட்டாலும், ஐந்து நிமிட ஓய்வு என்று மாற்றினார்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இந்தப் பயிற்சியை மையமாகக் கொண்ட ஒரு பெரிய ஆய்வு 2010இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது. ஒன்பதிலிருந்து பதினேழு வயது வரையான 126 பேர், பத்து வாரத்தில் எட்டு அமர்வுகள். பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேல் நல்ல முன்னேற்றம். ஆறுதலும் தகவலும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பாதிப் பேருக்குப் போதவில்லை என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஒரு டிக்கை அடைத்தால் வேறொன்று வெடித்துக் கிளம்பும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. தொல்லையே தராத டிக்குக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம்.

அசைவின்போது பிள்ளை நினைவு தப்பி வெறித்துப் பார்த்தாலோ, கைகால் நடனம் போல ஓயாமல் நெளிந்தாலோ, பதின்ம வயதில் ஒரே நாளில் கடுமையாகத் தொடங்கினாலோ, அது டிக்தானா என்று குழந்தை நரம்பியல் மருத்துவர் பார்க்கவேண்டும். கவனக்குறைவும் எண்ணச் சுழற்சி நோயும் டிக்கோடு கூடவே வரலாம். பல பிள்ளைகளுக்கு அவைதான் டிக்கைவிடப் பெரிய பாரம்.

கதிரின் வெட்டல் இரண்டு மாதத்தில் வெகுவாகக் குறைந்தது. அரைப் பரீட்சை வாரத்தில் மீண்டும் ஏறியது. அம்மா பதறி, பயிற்சியாளருக்குப் போன் செய்தார். கதிர் விரலைத் தூக்கிக் காட்டினான்: “வந்துச்சும்மா, பிடிச்சிட்டேன்.”