டபிள்யூ.ஏ.எஸ். சான்றிதழ் எதற்குச் சாட்சி?

இணைய அணுகல்தன்மை என்பது ஒரு வலைத்தளத்தை உடற்குறை உள்ளவர்களும் தடையின்றிப் பயன்படுத்தும்படி அமைப்பது. பார்வையற்றவர் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் குரல் வழியாகப் பக்கத்தைக் கேட்கிறார். கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க இயலாதவர் விசைப்பலகையால் மட்டுமே நகர்கிறார். இவர்களுக்கும் தளம் இயங்கும்படி கட்டத் தெரிந்தவர் என்று ஒருவரைத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமைப்புகளில் பரவலாக அறியப்பட்டது ஐ.ஏ.ஏ.பி. என்னும் அணுகல்தன்மைத் தொழில்வல்லுநர்களின் பன்னாட்டுச் சங்கம். 2014-ல் தொடங்கிய இச்சங்கம் இணையத் துறையினருக்கு வழங்குவது 'வெப் ஆக்சசிபிலிட்டி ஸ்பெஷலிஸ்ட்', சுருக்கமாக டபிள்யூ.ஏ.எஸ்., என்ற சான்றிதழ். வடிவமைப்பாளர்களும் நிரலாளர்களும் இதைத் தங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள். தளம் கட்டித் தரச் சொல்லும் வாடிக்கையாளர் அந்த எழுத்துகளை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை அறிய, முதலில் தேர்வு எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தேர்வில் என்ன இருக்கிறது

டபிள்யூ.ஏ.எஸ். தேர்வில் 75 கேள்விகள்; நேரம் 2 மணி. எல்லாமே தரப்பட்ட விடைகளிலிருந்து சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வகை. பாடத்திட்டம் மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. அணுகத்தக்க தளத்தை உருவாக்குவதற்கு 40 சதவீதம், இருக்கும் தளத்தில் குறைகளைக் கண்டறிவதற்கு 40 சதவீதம், கண்ட குறைகளைச் சரிசெய்வதற்கு 20 சதவீதம்.

இதற்கு முந்தைய படியாகப் பலர் எழுதுவது சி.பி.ஏ.சி.சி. என்ற அடிப்படைத் தேர்வு. அதில் 100 கேள்விகள். உடற்குறைகளின் வகைகள், உதவிக் கருவிகள், எல்லோருக்குமான வடிவமைப்பு, சட்டங்கள் ஆகியவை அதன் பாடங்கள். நிரல் அறிவு தேவைப்படாததால் வடிவமைப்பாளர்களும் திட்ட மேலாளர்களும் பெரும்பாலும் இதிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் இதை முடித்தால்தான் டபிள்யூ.ஏ.எஸ். எழுதலாம் என்ற கட்டாயம் இல்லை. இரண்டிலும் தேறியவர் சி.பி.டபிள்யூ.ஏ. என்ற கூட்டுத் தகுதியைப் பெறுகிறார்.

டபிள்யூ.ஏ.எஸ். சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தொடர்கல்விக் கணக்கைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கெடுவுக்குக் காரணம் இருக்கிறது. தேர்வு முதன்மையாகச் சார்ந்திருக்கும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற வழிகாட்டு நெறிகள் மாறிக்கொண்டே வருகின்றன. வேர்ல்டு வைட் வெப் கன்சார்ட்டியம் அவற்றின் 2.0 பதிப்பை 2008-லும், 2.1 பதிப்பை 2018-லும், 2.2 பதிப்பை 2023 அக்டோபரிலும் வெளியிட்டது. 2.2 பதிப்பு 9 விதிகளைப் புதிதாகச் சேர்த்து, பழைய விதி ஒன்றை நீக்கியது. பத்து ஆண்டுகளுக்கு முன் படித்ததோடு நின்றுவிட்டவருக்கு இன்றைய விதிகள் முழுதாகத் தெரிந்திருக்காது.

தேர்வின் இயல்பிலேயே ஒரு வரம்பு உள்ளது. எழுதுபவர் எந்தத் தளத்தையும் சோதித்துக் காட்டுவதில்லை. ஒரு வரி நிரலும் எழுதுவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நடத்தும் 'டிரஸ்டெட் டெஸ்டர்' இதிலிருந்து வேறுபட்டது. அதில் வகுக்கப்பட்ட முறைப்படி பக்கங்களைச் சோதித்து விடையளிக்க வேண்டும். டபிள்யூ.ஏ.எஸ். அளப்பது அறிவின் பரப்பு. டிரஸ்டெட் டெஸ்டர் அளப்பது ஒரு குறிப்பிட்ட சோதனை முறையில் உள்ள பயிற்சி.

ஒரு பக்கம், மூன்று சோதனைகள்

அறிவுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை ஒரு புத்தக விற்பனைத் தளத்தின் பணம் செலுத்தும் பக்கத்தை வைத்துப் பார்க்கலாம். பக்கம் முழுவதும் தமிழில் இருக்கிறது. அதன் நிரலில் இரண்டு வரிகள் இவை:

```html
<html lang="en">
<div class="btn" onclick="pay()">பணம் செலுத்து</div>
```

முதல் சோதனை தானியங்கிக் கருவியுடையது. அது இந்த இரண்டு வரிகளிலும் பெரும்பாலும் குறை சொல்லாது. மொழி குறிக்கப்பட்டிருக்கிறதா, குறியீடு செல்லத்தக்கதா என்று மட்டும் அது பார்க்கிறது. பக்கத்தில் இருப்பது தமிழ் என்பது அதன் கணக்கில் வருவதில்லை. `div` என்பது வெறும் பெட்டி என்பதால், பொத்தான் போல் வண்ணம் பூசப்பட்ட அதைப் பொத்தான் என்று கருவி எண்ணுவதே இல்லை.

இரண்டாவது சோதனையைச் செய்வது மனிதர். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு Tab விசையை அழுத்திக்கொண்டே போகிறார். பெயர், முகவரி, பின்கோடு வரை நின்று நின்று வரும் குவியம் அடுத்ததாகப் பக்கத்தின் அடிப்பகுதிக்குத் தாவிவிடுகிறது. பணம் செலுத்தும் இடத்தில் அது நிற்பதே இல்லை. திரைவாசிப்பானை இயக்கினால், பக்கம் ஆங்கிலம் என்று நம்பி அது ஆங்கிலக் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. குரலைப் பொறுத்துத் தமிழ்ச் சொற்கள் சிதைந்தோ, ஒலிக்காமலோ போகும். வழிகாட்டு நெறிகளில் மொழியைப் பற்றிய 3.1.1, விசைப்பலகையைப் பற்றிய 2.1.1, பெயரும் பணியும் பற்றிய 4.1.2 ஆகிய மூன்று விதிகள் இங்கே மீறப்படுகின்றன. டபிள்யூ.ஏ.எஸ். படித்தவருக்கு இந்த மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

அவசரத்தில் பலர் செய்யும் திருத்தம் இது:

```html
<div role="button" tabindex="0" onclick="pay()">பணம் செலுத்து</div>
```

இப்போது Tab விசை அங்கே நிற்கிறது. திரைவாசிப்பானும் இதைப் பொத்தான் என்று சொல்கிறது. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானின் உலாவும் நிலையில் Enter விசையை அழுத்தினால் வேலையும் நடந்துவிடுகிறது. அந்த மென்பொருளே ஒரு கிளிக்கை உண்டாக்கித் தருவதுதான் காரணம். இதோடு சோதனையை முடித்துக்கொண்டவர் குறை தீர்ந்தது என்று எழுதிவிடுவார். திரைவாசிப்பான் இல்லாமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர் Enter அழுத்தினாலும் இடைவெளி விசையை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. ஆகவே மூன்றாவது சோதனை, திரைவாசிப்பானை நிறுத்திவிட்டு மீண்டும் விசைப்பலகையால் முயன்று பார்ப்பது. சரியான திருத்தம் உண்மையான பொத்தானையே வைப்பது:

```html
<html lang="ta">
<button type="button" onclick="pay()">பணம் செலுத்து</button>
```

நான்கு விடைகளில் `button` என்பதே சரி என்று தேர்வில் குறிப்பது ஒரு திறன். குறை இருக்கிறது என்றே யாரும் சொல்லாத 40 பக்கங்களில் அதைத் தேடிப் பிடித்து, திருத்தியபின் வேறு வழியிலும் சோதிப்பது இன்னொரு திறன். சான்றிதழ் உறுதி சொல்வது முதல் திறனுக்கு.

வடிவமைப்பாளர் பக்கத்திலும் இதே நிலைதான். வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது வேண்டும் என்பதைப் படித்தவர் அறிவார். வெள்ளைப் பின்னணியில் `#999999` என்ற சாம்பல் நிறம் ஏறக்குறைய 2.8-ஐத்தான் எட்டும், `#767676` அந்த வரம்பைத் தாண்டும். ஆனால் நிறுவனத்தின் அடையாள நிறமே வெளிறியதாக இருக்கும்போது அதற்கு மாற்று நிறத்தை ஒப்புக்கொள்ள வைப்பதைத் தேர்வு அளப்பதில்லை.

சான்றிதழின் எல்லை

சான்றிதழ் தனிமனிதருக்குரியது. அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கோ அவர் கட்டிய தளத்துக்கோ அது பொருந்தாது. ஒரு நிறுவனத்தில் இருவர் சான்றிதழ் பெற்றிருந்தாலும், வாடிக்கையாளரின் தளத்தை அவர்கள் தொட்டார்களா என்பது தனிக் கேள்வி. நெறிகளை வெளியிடும் கன்சார்ட்டியமும் எந்தத் தளத்துக்கும் முத்திரை குத்துவதில்லை. நெறிகளுக்கு இணக்கம் என்பது பக்கத்துக்குப் பக்கம் சொல்லப்படுவது. இன்று இணக்கமாக இருக்கும் பக்கத்தில் நாளை ஒரு புதிய விளம்பரப் பெட்டி சேர்ந்தால் அந்த இணக்கம் போய்விடலாம்.

துறையிலும் எல்லை உண்டு. பிடிஎஃப் போன்ற ஆவணங்களுக்கு ஏ.டி.எஸ். என்ற வேறொரு சான்றிதழை இதே சங்கம் வழங்குகிறது. கட்டடங்களுக்கும் தனிச் சான்றிதழ் உள்ளது. ஆண்டறிக்கைகளையும் விண்ணப்பப் படிவங்களையும் பிடிஎஃபாக வெளியிடும் அலுவலகம் டபிள்யூ.ஏ.எஸ். பெற்றவரிடம் அந்த வேலையையும் தானாக எதிர்பார்க்கக் கூடாது.

இந்த வேறுபாடு இந்தியாவில் இப்போது நடைமுறைக் கேள்வியாகிவிட்டது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் சேவைகளுக்கும் பொருந்தும். 2025 ஜூலை 31 அன்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஒரு சுற்றறிக்கையில், தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் தங்கள் இணையத் தளங்களையும் செயலிகளையும் ஐ.ஏ.ஏ.பி. சான்றிதழ் பெற்றவர்களைத் தணிக்கையாளராக நியமித்துச் சோதிக்கச் சொன்னது. இதனால் பங்குத் தரகர்களிடமும் பரஸ்பர நிதி நிறுவனங்களிடமும் தணிக்கை வேலை பெற இச்சான்றிதழ் நுழைவுச்சீட்டாகியிருக்கிறது. யார் தணிக்கை செய்யலாம் என்பதை அது முடிவு செய்கிறது. தணிக்கை எவ்வளவு ஆழமாக நடந்தது என்பதை அறிக்கையைப் படித்துத்தான் அறிய முடியும்.

வாடிக்கையாளர் சரிபார்க்க வேண்டியவை

முதலில் சான்றிதழ் உண்மையானதா, காலாவதியாகாததா என்று பார்க்க வேண்டும். சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலைச் சங்கம் இணையத்தில் வைத்திருக்கிறது. எந்தச் சான்றிதழ் என்பதையும் கவனிக்க வேண்டும். சி.பி.ஏ.சி.சி. மட்டும் உள்ளவருக்கு நிரலைத் திருத்தத் தெரியும் என்று பொருள் இல்லை.

அடுத்து, வாடிக்கையாளரின் தளத்திலிருந்தே ஒரு பக்கத்தைக் கொடுத்து அதற்கு அறிக்கை கேட்கலாம். இதற்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுவது முறை. நல்ல அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் ஐந்து செய்திகள் இருக்கும். மேலே கண்ட பக்கத்துக்கு அது இப்படி அமையும்: இடம், பணம் செலுத்தும் பக்கத்தின் கடைசிப் பொத்தான், கண்ட முறை, பின்கோடு பெட்டியிலிருந்து Tab அழுத்தியது, பயனருக்கு நேர்வது, விசைப்பலகையால் புத்தகம் வாங்கவே முடியாது, மீறப்பட்ட விதிகள், 2.1.1, 4.1.2, திருத்தம், `button` உறுப்பை வைப்பது. எந்த உலாவியில், எந்தத் திரைவாசிப்பானில் சோதிக்கப்பட்டது என்பதும் தலைப்பிலேயே இருக்க வேண்டும். இவை இல்லாமல் கருவி தந்த மதிப்பெண்ணை மட்டும் அச்சிட்டுத் தருபவரிடம் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

ஒப்பந்தத்தில் "சான்றிதழ் பெற்றவர் வேலை செய்வார்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தெந்தப் பக்கங்கள் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2-ன் இரண்டாம் நிலையான ஏ.ஏ. வரை இணங்க வேண்டும், திருத்தியபின் மறுசோதனை செய்வது யார், புதிய பக்கங்கள் சேரும்போது யார் பார்ப்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் வாடிக்கையாளர் தாமே மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் கொண்டு தம் தளத்தில் ஒரு பொருளை வாங்கிப் பார்க்க வேண்டும். வாங்க முடியாவிட்டால், யார் சான்றிதழ் பெற்றிருந்தாலும் வேலை முடியவில்லை.